ஒரு நூல் இறக்கம்

போன தை மாதம் பர்கூர் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் கிருஷ்ணகிரியில் இருக்கும் என் கடைக்கு வந்தார். கையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும், மஞ்சள் துணிப்பையில் நாலு மெடல் கோத்த ஒரு பாரும் இருந்தன. படத்தில் இருப்பவர் அவருடைய அப்பா. 1973இல் லீவில் வந்தபோது இங்கேயே ஒரு ஸ்டுடியோவில் சீருடையோடு எடுத்த படம். மெடல்கள் கைக்கு வந்தது அதற்கப்புறம். அதனால் மெடலோடு ஒரு படம்கூட வீட்டில் இல்லை. வருஷ திவசத்துக்கு 12க்கு 18 அளவில் பிரேம் போட வேண்டும், மார்பில் மெடல் இருக்க வேண்டும் என்றார்.

பதினைந்து வருஷமாகப் பழைய படங்களைச் சரிசெய்து கொடுக்கிறேன். மெடல் வைக்கும் வேலையும் அடிக்கடி வரும். எங்கள் பக்கம் பட்டாளத்துக்குப் போனவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். வழக்கம்போல மெடல்களை ஸ்கேனர் மேல் கவிழ்த்து ஸ்கேன் எடுத்தேன். சுற்றி வெட்டி, மார்பில் வைத்து, Drop Shadow போட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் அவருடைய அம்மாவே பேசினார்.

"தம்பி, மெடலு ஒட்டுன மாதிரி இருக்குதுப்பா. தொங்கல. அதைக் குத்துனா பாக்கெட்டு எறங்கும். நான்தான் தேய்ச்சுக் குடுப்பேன், எனக்குத் தெரியாதா?"

அந்தச் சீருடைச் சட்டை இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்றும் சொன்னார். கொண்டுவரச் சொன்னேன். இந்த வேலையில் இத்தனை வருஷம் நான் கவனிக்காமல் விட்டதை அந்தச் சட்டைதான் காட்டியது. மெடலின் கனம் மெடலில் தெரியாது, துணியில்தான் தெரியும்.

ஆலிவ் பச்சைச் சட்டை. இடது பாக்கெட் மூடிக்கு மேலே இரண்டு இடத்தில் துளைகள் இருந்தன. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி ஏறியதால் இழை விலகிப்போயிருந்தது. இரண்டு துளையிலும் இழை கீழ்ப்பக்கமாக இழுபட்டு, துளை நீள்வட்டமாக மாறியிருந்தது. வலது பக்கம் அப்படி எதுவும் கிடையாது. மெடல் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் இழுத்தது என்று இரண்டையும் அந்தத் துளைகளே சொல்லிவிட்டன.

பேரன் தாத்தாவின் உடல்வாகு. சட்டையை அவனுக்குப் போட்டு, பாரை அதே துளைகளில் குத்திப் பார்த்தோம். பக்கத்து நகைக்கடைத் தராசில் பார் 140 கிராம் காட்டியது. ஒரு மெடல் முப்பது கிராம் பக்கம், மீதி பாரும் ரிப்பனும். கையில் வைத்தால் பெரிய கனமில்லை. ஆனால் அது ஊசி ஏறின இரண்டு இடத்தில் மட்டுமே தொங்குகிறது. மெல்லிய துணியில் அந்த இரண்டு இடமும் கீழே இறங்கும். எவ்வளவு என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். கொத்தனார் கணக்கில் சொன்னால் ஒரு நூல், அதாவது 3 மி.மீ. பாக்கெட் மூடியின் அடி ஓரம் 2 மி.மீ இறங்கியிருந்தது. வலது மூடியோடு ஒப்பிட்டால் உடனே தெரிகிறது. ஊசி ஏறின இடத்திலிருந்து தோள் தையலை நோக்கி மெல்லிய மடிப்பு ஒன்று ஏறி, ஐந்தாறு செ.மீ தூரத்தில் கரைந்துபோகிறது. இரண்டு ஊசிக்கும் நடுவில் துணி தூளி மாதிரி லேசாகத் தொய்கிறது. பாருக்குக் கீழே துணி தளர்ந்து வெளியே உப்புகிறது. கனம் முழுக்கத் துணிக்கு முன்னால் இருப்பதால் பாரின் மேல் ஓரம் கொஞ்சம் முன்னால் சாய்கிறது.

இதில் ஒன்றுகூட என் முதல் படத்தில் இல்லை. சட்டை மெடல் இல்லாதபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அந்த அம்மாவின் கண் தேடியது அந்த இறக்கத்தைத்தான்.

ஆகவே முதலில் அளவு எடுக்க வேண்டும். முகம் நேராக இருக்கும் படத்தில் கண்ணின் கருமணிகளுக்கு நடுவில் இருக்கும் தூரத்தை 63 மி.மீ என்று வைத்துக் கணக்குப் போடலாம், பெரியவர்களுக்குச் சராசரி அவ்வளவுதான். ஆனால் இந்தப் படத்தில் அவர் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்திருந்தார். திரும்பினால் அகலம் சுருங்கிவிடும், அகலத்தை நம்ப முடியாது. உயரம் சுருங்காது. சட்டை கையில் இருந்ததால் முன்பக்கப் பட்டன்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்தேன், 9 செ.மீ. ஸ்கேன் செய்த படத்தில் அது 300 பிக்சல். ஒரு மி.மீட்டருக்கு 3.3 பிக்சல் என்று வந்தது.

அப்புறம் திருப்பம். சட்டையில் பாக்கெட் மூடி 13 செ.மீ அகலம். நேராக இருந்தால் படத்தில் சுமார் 430 பிக்சல் வர வேண்டும், வந்தது 370தான். விகிதம் 0.86, கிட்டத்தட்ட 30 டிகிரி திருப்பம். மெடல் ரிப்பனின் அகலம் 32 மி.மீ. இந்தப் பாரில் நாலு ரிப்பனும் ஓரத்தோடு ஓரம் தொட்டுக்கொண்டு இருந்தன, ஆக 128 மி.மீ. பாக்கெட் மூடியின் அகலத்துக்கு ஏறக்குறைய சரியாக இருக்கிறது. படத்தில் 365 பிக்சல். வட்ட மெடலின் விட்டம் 36 மி.மீ, அதாவது உயரம் 120 பிக்சல், அகலம் 103. கண் அளவில் வைப்பவர்கள் பெரும்பாலும் மெடலைப் பெரிதாக வைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் முதல் படத்தில் மூடியைத் தாண்டி வைத்திருந்தேன்.

இன்னொன்றையும் இந்த அளவு சொல்லிக்கொடுத்தது. ரிப்பன் 32, வட்டம் 36. ரிப்பன்கள் ஒட்டி இருந்தால் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று 4 மி.மீ ஏறித்தான் ஆக வேண்டும். எது மேலே, எது கீழே என்பதற்கு முறை உண்டு. மூத்த மெடல் மார்பின் நடுப்பக்கம், சட்டைப் பட்டனை ஒட்டி, முழுதாகத் தெரிகிற மாதிரி இருக்கும். பார்க்கிற நமக்கு அது இடது ஓரம். இந்தப் பாரில் வரிசை பச்சிமி ஸ்டார், சங்ராம் மெடல், 25வது சுதந்திர ஆண்டு மெடல், 9 ஆண்டு நீண்ட சேவை மெடல். முதல் இரண்டும் 1971 போருக்கானவை, மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பச்சிமி ஸ்டார். விளிம்பில் அவருடைய நம்பரும் பெயரும் பொறித்திருந்தன, அவருடையதுதான் என்று அதைப் பார்த்தே உறுதிசெய்துகொண்டேன். வரிசை மாறினால் ஊரில் இருக்கும் மற்ற பட்டாளத்துக்காரர்கள் வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார்கள். படம் இடவலம் திரும்பி ஸ்கேன் ஆகியிருக்கிறதா என்றும் இதே நேரத்தில் பார்த்துவிட வேண்டும். ஆண்கள் சட்டையில் இடது பக்கத் துணி வலதின் மேல் வந்து மூடும். அது மாறியிருந்தால் படமே திரும்பியிருக்கிறது, மெடலை வலது மார்பில் வைத்துவிடுவோம்.

ஸ்கேனரில் எடுத்த மெடலை அழித்துவிட்டேன். ஸ்கேனரின் விளக்கு அதற்குள்ளேயே இருப்பது. அந்த ஒளிக்கும் 1973 ஸ்டுடியோ ஒளிக்கும் சம்பந்தமில்லை. அதோடு ஸ்கேனர் மெடலை நேர் முகமாக மட்டுமே பார்க்கும். 30 டிகிரி திரும்பின மெடலில் விளிம்பின் தடிமன் ஒரு பக்கம் தெரிய வேண்டும். 3 மி.மீ தடிமனுக்கு இந்தப் படத்தில் 5 பிக்சல் வரும். நேர் ஸ்கேனை அகலத்தில் அமுக்கினால் முட்டை வடிவம் கிடைக்கும், விளிம்பு கிடைக்காது. காகிதத்தில் வெட்டின மாதிரி இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பேரனையே சட்டையோடு உட்காரவைத்து எடுத்தேன். பழைய படத்தில் மூக்கின் நிழல் நமக்கு வலப்பக்கம் கீழாக விழுந்திருந்தது, பாக்கெட் மூடியின் நிழலும் அதே பக்கம். அப்படியானால் விளக்கு நமக்கு இடப்பக்கம் மேலே இருந்திருக்கிறது. 30 செ.மீ ரிஃப்ளெக்டர் போட்ட ஒரு விளக்கை அங்கே நிறுத்தி, பேரனின் மூக்கு நிழல் தாத்தாவின் மூக்கு நிழல் மாதிரியே விழும்வரை நகர்த்தினேன். நிழலின் திசை மட்டும் பொருந்தினால் போதாது, அதன் ஓரம் எவ்வளவு மென்மை என்பதும் பொருந்த வேண்டும். விளக்கு 2 மீட்டரில் நின்றபோது இரண்டும் ஒத்துவந்தன. கேமராவை மார்பு உயரத்தில் வைத்து, அதே 30 டிகிரி திருப்பத்தில் எடுத்தேன். மெடலின் இடது விளிம்பில் ஒளி பட்டு மெல்லிய வெள்ளைக் கோடு வந்தது. அந்தக் கோட்டைக் கையால் வரைந்து கொண்டுவருவது கஷ்டம்.

இப்போது போட்டோஷாப். மெடலைத் தொடுவதற்கு முன்னால் சட்டையை இறக்கினேன். இடது மார்புப் பகுதியைத் தனி லேயராக எடுத்து, Liquify-யில் காலர், பட்டன் பட்டை, வலது பக்கம் மூன்றையும் Freeze Mask போட்டு மூடிவிட்டேன். பெரிய பிரஷ்ஷை மெல்லிய அழுத்தத்தில் வைத்து, ஊசி வரும் இரண்டு இடத்தையும் 10 பிக்சல் இறக்கினேன், மூடியின் அடி ஓரத்தை 7 பிக்சல். தோள் தையலுக்குப் போகும்போது இழுப்பு பூஜ்யமாகிவிட வேண்டும். சின்ன பிரஷ்ஷில் இழுத்தால் துணியின் நெசவு வளைந்து பல்லைக் காட்டும். நெசவுக் கோடு அலை அலையாகத் தெரிந்தால் அது அதிகம் என்று அர்த்தம், திரும்பச் செய்வதுதான் வழி.

மடிப்புகளுக்கு 50% சாம்பல் நிரப்பின ஒரு லேயரை Soft Light-இல் வைத்து, 4% Flow-வில் மெதுவாக வரைந்தேன். ஒரு மடிப்புக்கு இரண்டு பக்கம் உண்டு. விளக்கு இடப்பக்கம் என்பதால் மடிப்பின் இடது சரிவு வெளுக்கும், வலது சரிவு கறுக்கும். கறுப்பு மட்டும் வரைந்தால் அழுக்குப் படிந்த மாதிரி இருக்கும். ஊசியருகே கூர்மையாகத் தொடங்கி, மேலே போகப் போக அகன்று, 180 பிக்சலில் காணாமல் போக வேண்டும். பேரனின் படத்தைப் பக்கத்துத் திரையில் வைத்துக்கொண்டு, அங்கே இருப்பதை மட்டும் வரைந்தேன். கற்பனையாக ஒரு மடிப்பு கூட்டினாலும் துணி கசங்கியதாகத் தெரிகிறது. அந்த அம்மா தேய்த்துக் கொடுத்த சட்டை அது, கசங்கியிருக்கக் கூடாது.

மெடல்களை வைத்தபிறகு நிழல். Drop Shadow ஏன் பொய்யாகத் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். அது மெடலுக்குப் பின்னால் ஒரு தட்டையான சுவர் இருப்பதாகவும், எல்லா இடத்திலும் மெடல் அந்தச் சுவரிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதாகவும் எடுத்துக்கொள்கிறது. மார்பு அப்படி இல்லை. பார் துணியில் குத்தியிருக்கிறது, இடைவெளி 1 மி.மீ இருந்தால் அதிகம். மெடல் அங்கிருந்து நேராகக் கீழே தொங்குகிறது, மார்போ கீழே போகப் போக உள்வாங்குகிறது. பேரன் மேல் அளந்தபோது வட்டத்தின் அடிப்பகுதி துணியிலிருந்து 8 மி.மீ விலகி நின்றது.

நிழலின் மென்மையைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. விளக்கின் அகலத்தை விளக்கின் தூரத்தால் வகுத்து, இடைவெளியால் பெருக்கினால் நிழல் ஓரம் எவ்வளவு அகலத்துக்குக் கரையும் என்று வரும். 30 செ.மீ விளக்கு 2 மீட்டரில் என்றால் 0.15. பாரின் அடியில் 1 மி.மீ இடைவெளிக்கு 0.15 மி.மீ, படத்தில் அரை பிக்சல், அதாவது வெட்டினாற்போல் கூர்மை. வட்டத்தின் அடியில் 8 மி.மீக்கு 1.2 மி.மீ, படத்தில் 4 பிக்சல் கரைவு. நிழல் தள்ளி விழும் தூரமும் அப்படியே. விளக்கு 45 டிகிரியில் இருந்தால் இடைவெளி எவ்வளவோ அவ்வளவு தள்ளி விழும், பாரின் அடியில் 3 பிக்சல், வட்டத்தின் அடியில் 26. ஒரே மெடலின் நிழல் மேலே ஒட்டியும் கூர்மையாகவும், கீழே விலகியும் மென்மையாகவும் இருக்கிறது. தொங்குகிறது என்று கண் நம்புவது இந்த வித்தியாசத்தால்தான்.

செய்த விதம் இது. மெடல்களின் வடிவத்தைக் கறுப்பாக நிரப்பி ஒரு லேயர், Multiply. மேல் ஓரத்தை 3 பிக்சலும் கீழ் ஓரத்தை 26 பிக்சலும் வலமும் கீழுமாகத் தள்ளி Distort செய்தேன். அதை இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கூர்மையாகவே விட்டு, மற்றதை 4 பிக்சலுக்குக் கரைத்து, மாஸ்க்கில் மேலிருந்து கீழ் ஒரு கிரேடியன்ட் போட்டு இணைத்தேன். நிறம் தனிக் கறுப்பு கூடாது. அதே படத்தில் பாக்கெட் மூடிக்கு அடியில் இருக்கும் நிழல் எவ்வளவு இருட்டோ அதற்கு மேல் எந்த நிழலும் போகக் கூடாது. அங்கே அளவெடுத்து Opacity-யை நிறுத்தினேன்.

நிழல் விழும் இடத்தில் மூடி, பட்டன், மடிப்பு எல்லாம் இருக்கின்றன. நிழல் அவற்றின் மேல் ஏறி இறங்க வேண்டும். சட்டைப் பகுதியை லேசாகக் கரைத்து ஒரு PSD கோப்பாகச் சேமித்து, நிழல் லேயருக்கு மட்டும் Displace போட்டேன். அந்தக் கோப்பில் நடுச் சாம்பல் இருக்கும் இடம் நகராது, வெளுப்பும் கறுப்பும் எதிரெதிராக நகரும். மெடலுக்கு Displace போடவே கூடாது. துணி வளையும், உலோகம் வளையாது. ரிப்பன் துணிக்கும் உலோகத்துக்கும் நடுப்பட்டது, மேலே பாரில் விறைப்பாக இருந்து, கீழே மெடலின் கனத்தால் நேராக இழுபட்டு நிற்கும். மெடல் வட்டம் துணி மடிப்போடு சேர்ந்து நெளிந்திருக்கும் படங்களைப் பார்த்திருக்கிறேன், பார்த்த உடனே ஸ்டிக்கர் என்று தெரிந்துவிடும்.

ஒரு மெடலின் நிழல் அடுத்த மெடலின் மேல் விழுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 4 மி.மீ மேலேறியிருக்கும் இடத்தில் இடைவெளி மெடலின் தடிமன் அளவுதான். அதனால் அடுத்த மெடலின் முகத்தில் பிறை மாதிரி ஒடுங்கின, அழுத்தமான நிழல் விழும். நட்சத்திரத்தின் முனைகள் சங்ராம் மெடலின் மேல் கூர்மையாக விழுந்த நிழல் பேரனின் படத்திலேயே இருந்தது. நாலையும் தனித்தனியாக வெட்டாமல் ஒரே பாராக வெட்டியதால் அந்த நிழல்கள் இலவசமாக வந்துவிட்டன.

கறுப்பு வெள்ளையில் ரிப்பன் கோடுகளின் சாம்பல் அளவும் பார்க்க வேண்டியது. பழைய ஸ்டுடியோ விளக்கு மஞ்சள் ஒளி. அதில் எடுத்த படங்களில் சிவப்பு வெளுத்தும் நீலம் கறுத்தும் விழும். அவருடைய உதடு அந்தப் படத்தில் கொஞ்சம் வெளுத்திருந்தது. பேரனின் உதடும் அதே அளவு வெளுக்கும்வரை Black & White-இல் Reds-ஐ ஏற்றி, Blues-ஐ இறக்கினேன். ரிப்பன் தானாகச் சரியாகிவிட்டது.

கடைசியில் கூர்மை. பழைய படத்தில் சட்டைப் பட்டனின் ஓரம் 4 பிக்சலில் மெல்ல மாறுகிறது, என் மெடலின் ஓரம் ஒரே பிக்சலில் வெட்டினாற்போல் நின்றது. முகத்தைவிட மெடல் தெளிவாக இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். 1.2 பிக்சல் Gaussian Blur, அதற்கு மேல் ஒரே நிறத்தில் Add Noise. வரிசை முக்கியம், நாய்ஸ் போட்டபிறகு கரைத்தால் துகளும் கரைந்துவிடும். சரிபார்க்க ஒரு Curves லேயரை மேலே வைத்துச் செங்குத்தாக இழுத்துவிடுவேன். துகள் இல்லாத இடம் வழுவழுவென்று தனியாகத் தெரியும், பார்த்துவிட்டு அந்த லேயரை எறிந்துவிடலாம்.

ஒரு நூல் என்ற இந்தக் கணக்கு மெல்லிய சட்டைக்குத்தான். கம்பளிக் கோட்டில் அதே 140 கிராம் குத்தினால் துணி அசைவதே இல்லை, அங்கே நிழல் மட்டும் போதும். பள்ளி பேட்ஜ், கட்சி பேட்ஜ் மாதிரி சின்னவை பத்து கிராம்கூட வராது, அவை துணியை இறக்காது, ஊசி ஏறின இடத்தில் சின்னக் குழி விழும், பேட்ஜ் துணியோடு ஒட்டி நிற்கும். மார்புப் பகுதியே இருட்டில் மூழ்கிய படமென்றால் நான் எடுத்துக்கொள்வதில்லை. மடிப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாத துணியில் மெடலைத் தொங்கவிட முடியாது.

இரண்டாவது படத்தைத் திரையில் பார்த்த அந்த அம்மா, மெடலைப் பார்க்கவில்லை. இரண்டு பாக்கெட் மூடிக்கும் நடுவில் விரலைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். "இந்தப் பக்கம் எறங்குது பாரு" என்று மகனிடம் சொன்னார்.

பிரிண்ட் போடுவதற்கு முன் 4க்கு 6 அளவில் மார்புப் பகுதியை மட்டும் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தேன். மேட் பேப்பரில் பாருக்கு அடியில் இருந்த கூர்மையான நிழலும் ரிப்பனின் கறுப்புக் கோடும் ஒன்றாகக் கலந்து அடைத்துக்கொண்டன. மேல் நிழலின் Opacity-யை 60இலிருந்து 48க்கு இறக்கி இன்னொரு துண்டு எடுத்தேன், பார் பிரிந்து தெரிந்தது. அதே கோப்பில் 12க்கு 18 போட்டுக் கொடுத்தேன். சட்டையையும் பாரையும் அதே மஞ்சள் பையில் வைத்து மகன் எடுத்துப்போனார்.